காகிதக் கொக்குக்கு ஒன்பது நிமிடம்

பழகிய கை ஒரு காகிதக் கொக்கை இரண்டு நிமிடத்தில் மடித்துவிடும். அதை அப்படியே மேலிருந்து படம்பிடித்து, பின்னணியில் கொஞ்சம் இசையும் சேர்த்துவிட்டால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதைப் பார்த்து மடிக்க உட்கார்ந்தவர் பாதியில், பெரும்பாலும் ஒரே இடத்தில், நின்றுவிடுவார். சதுரமாக மடிந்த தாளின் மேலடுக்கைத் தூக்கி நீளமான இதழாக விரிக்கும் இடம் அது. படத்தில் அது மூன்று நொடியில் முடிந்துபோயிருக்கும். அவர் பின்னால் ஓட்டுவார், நிறுத்துவார், மறுபடி ஓட்டுவார். தாளில் தேவையற்ற கோடுகள் ஏறிக்கொண்டே போகும்.

அந்த மூன்று நொடிக்கு நூறு நொடி கொடுக்க வேண்டும் என்பது என் கணக்கு. வேறு சில இடங்களுக்குப் பத்து நொடியே போதும். ஒரு மடிப்புப் பாடத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதுவதில் பெரிய வேலை இந்த நேரப் பங்கீடுதான். அதைத் தாளின் இயல்பும் அதன் வடிவியலும் தீர்மானிக்கின்றன. பேசுபவரின் வசதிக்கு அதில் இடமில்லை.

மடிப்பைத் தாளில் எழுதிக்காட்டும் முறை ஏற்கெனவே இருக்கிறது. ஜப்பானிய மடிப்புக் கலைஞர் அகிரா யோஷிசாவா 1954இல் வெளியிட்ட நூலில் கோடுகளையும் அம்புக்குறிகளையும் கொண்டு ஒரு குறியீட்டு முறையை வகுத்தார். அதைச் சற்றே விரித்த வடிவத்தைத்தான் இன்று உலகெங்கும் ஒரிகாமி நூல்கள் பின்பற்றுகின்றன. அந்த வரைபடங்களில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே கை என்ன செய்தது என்பது இருக்காது. வாசகர் ஊகித்துக்கொள்ள வேண்டும். வீடியோ அந்த இடைவெளியை நிரப்புகிறது. கற்றல் ஆய்வாளர் ஜான் ஸ்வெல்லரும் அவருடைய சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், காகித மடிப்பைப் பொறுத்தவரை அசையும் படத்தைப் பார்த்துக் கற்ற பள்ளிப் பிள்ளைகள் நிலைப்படங்களைப் பார்த்துக் கற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஆனால் அசையும் படத்துக்கு ஒரு குறை உண்டு. காட்டியது அடுத்த நொடி மறைந்துவிடும். மறைந்ததை மனத்தில் பிடித்து வைத்துக்கொண்டே புதிதாக வருவதையும் பார்க்க வேண்டும். மடிப்பு சிக்கலாக ஆக ஆக இந்தச் சுமை ஏறும். வரைபடத்தின் அசையாத தன்மையை வீடியோவுக்குள் அங்கங்கே திருப்பிக் கொண்டுவருவதுதான் நிறுத்தம்.

நிறுத்தத்தை எங்கே வைப்பது? தவறு நடக்கும் இடமும் தவறு தெரியவரும் இடமும் மடிப்பில் ஒன்றாக இருப்பதில்லை. நான்காவது படியில் தாளைத் தலைகீழாகப் பிடித்தவருக்கு ஆறாவது படியில்தான் முட்டும். முட்டும் இடத்தில் நிறுத்தி விளக்கினால் அவர் இரண்டு படி பின்னால் போய், தாளை விரித்து, திரும்ப மடிக்க வேண்டும். நடக்கும் இடத்திலேயே நிறுத்தி, அங்கேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையைக் கொடுப்பது மேல். கீழே வரும் கொக்கு ஸ்கிரிப்ட் அந்த ஒரே கொள்கையில் எழுதப்பட்டது. மொத்தம் 9 நிமிடம் 10 நொடி; தாள் 15 சென்டிமீட்டர் சதுரம், ஒரு பக்கம் நிறம், மறுபக்கம் வெள்ளை.

முதலில் கேமரா. மேசைக்கு நேர்மேலே அரை மீட்டர் உயரத்தில் போனைப் பொருத்தினால் போதும். மடிப்பவரின் கைகள் திரையின் அடிப்பக்கத்திலிருந்து உள்ளே வர வேண்டும். அப்போதுதான் பார்ப்பவரின் வலக்கையும் திரையில் தெரியும் வலக்கையும் ஒரே பக்கம் இருக்கும். எதிரே நின்று எடுத்தால் கைகள் மேலிருந்து வரும். ஒவ்வொரு படியையும் பார்ப்பவர் மனத்துக்குள் திருப்பிப்போட வேண்டியிருக்கும். போன் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் சதுரத்தின் ஒரு பக்கம் மற்றதைவிடச் சிறியதாகத் தெரியும். விளிம்பும் விளிம்பும் சேர்ந்தனவா என்பதே பாடமாக இருக்கும்போது இது பொய்சொல்லும் படம். படப்பிடிப்புக்கு முன் ஒரு கிராப் தாளை மேசையில் வைத்து, அதன் கோடுகள் திரையின் ஓரத்தோடு இணையாக ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம்.

விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. மடிப்புக்கோட்டுக்குத் தனி நிறம் கிடையாது. அதன் ஒரு சரிவில் வெளிச்சமும் மறு சரிவில் நிழலும் விழுவதால்தான் அது கண்ணுக்குத் தெரிகிறது. கேமராவைச் சுற்றிப் பொருத்தும் வட்ட விளக்கு எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே அளவில் ஒளி பாய்ச்சி அந்த நிழலை அழித்துவிடும். முகத்துக்கு அது நல்லது, தாளுக்கு ஆகாது. இடப்பக்கம் தாழ்வாக வைத்த ஒரு மேசை விளக்கு போதும். வலக்கைக்காரரின் கை நிழலும் மடிப்பின் மேல் விழாது.

0:00 முதல் 0:20 வரை மடித்து முடித்த கொக்கும் மடிக்காத தாளும் பக்கத்தில் பக்கத்தில். அவ்வளவுதான். முன்னுரை வேண்டாம்.

0:20 முதல் 1:10 வரை இரண்டு மூலைவிட்டங்கள். நிறப்பக்கம் மேலே இருக்க, மூலையை எதிர்மூலையோடு சேர்த்து மடித்து, விரித்து, அடுத்ததையும் அப்படியே. பலரும் இங்கே நகத்தால் தேய்ப்பதைத்தான் விரிவாகப் படம்பிடிக்கிறார்கள். தேய்ப்பது இரண்டு நொடி வேலை. அதற்கு முன்னால் மூலையை மூலையோடு நிறுத்தி, ஒரு விரலால் பிடித்து, விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தனவா என்று பார்க்கும் ஏழெட்டு நொடிதான் மடிப்பு. ஸ்கிரிப்டில் அந்த நொடிகளை வெட்டாமல் விட வேண்டும். பிறகு அழுத்தும்போது நடுவில் தொடங்கி இரு ஓரங்களுக்கும் போகச் சொல்ல வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து இழுத்துக்கொண்டு போனால் மேலடுக்கு மில்லிமீட்டர் கணக்கில் நகர்ந்துபோய் மறு ஓரத்தில் பிசகாக வந்து நிற்கும்.

அழுத்தும்போது தாளுக்குள் நடப்பது மீளாத சேதம். தாள் என்பது ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் செல்லுலோஸ் நார்களின் படுகை. மடிக்கும்போது வெளிப்புறத்து நார்கள் இழுபடுகின்றன, உட்புறத்தவை நெரிந்து வளைகின்றன, நார்களுக்கு நடுவேயுள்ள பிணைப்புகள் அறுகின்றன. அந்தக் கோட்டில் தாள் நிரந்தரமாக வலுவிழக்கிறது. அதனால்தான் விரித்த பிறகும் அடுத்த முறை அதே இடத்தில் எளிதாக மடிகிறது. தவறாகப் போட்ட கோடும் இதே விதிப்படிதான் நடந்துகொள்ளும். நீவினால் மறைந்ததுபோலத் தெரியும். பக்கத்தில் சரியான மடிப்பைப் போடும்போது தாள் பழைய கோட்டுக்கே வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இரண்டு கோடுகள் விழுந்துவிட்ட தாளைக் காப்பாற்ற முயல்வதைவிடப் புதுத் தாள் எடுப்பதே நல்லது என்று 1:05இல் தெளிவாகச் சொல்லிவிடலாம்.

மூலையும் மூலையும் சேர்ந்தும் விளிம்புகள் சேரவில்லை என்றால் தாள் சதுரமாக இல்லை என்று பொருள். கடையில் வாங்கிய தாளிலும் இது நேரும். நார்கள் ஈரத்தை உறிஞ்சும்போது நீளவாக்கில் அதிகம் வளர்வதில்லை, குறுக்குவாக்கில்தான் பருக்கின்றன. இயந்திரத்தில் செய்த தாளில் பெரும்பாலான நார்கள் ஒரே திசையில் ஓடுவதால், மழைக்காலத்தில் தாள் ஒரு பக்கமாகக் கொஞ்சம் கூடுதலாக விரியும்.

1:10இல் எட்டு நொடி நிறுத்தம். திரையில் ஒன்றே ஒன்று நடக்கிறது: தாள் திரும்புகிறது, வெள்ளைப்பக்கம் மேலே வருகிறது. இதற்கு எதற்கு எட்டு நொடி என்று தோன்றும். முதல் பெரிய தவறு இங்கேதான். திருப்பாமலே அடுத்த இரண்டு நடுக்கோடுகளையும் போட்டுவிட்டால் நடுப்புள்ளியிலிருந்து பிரியும் எட்டுக் கோடுகளும் ஒரே பக்கமாகப் பள்ளமாகிவிடும். கொக்குக்கு வேண்டியது மூலைவிட்டங்கள் ஒரு பக்கமும் நடுக்கோடுகள் மறுபக்கமும் மடிவது. 1:18 முதல் 2:00 வரை அந்த நடுக்கோடுகள்.

2:00 முதல் 2:55 வரை தாளைச் சதுர அடிவடிவமாகக் குவிப்பது. நிறப்பக்கத்திலிருந்து பார்த்தால் நான்கு அரை நடுக்கோடுகளும் மேடாகின்றன. ஒரே ஒரு மூலைவிட்டத்தின் இரண்டு பாதிகள் மட்டும் பள்ளமாக உள்ளே போகின்றன. மேடு நான்கு, பள்ளம் இரண்டு. ஒரு புள்ளியைச் சுற்றி மடியும் எந்தத் தாளும் தட்டையாகப் படிய வேண்டுமென்றால் மேடுகளுக்கும் பள்ளங்களுக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் இரண்டாகத்தான் இருக்கும். ஜப்பானிய ஒரிகாமிக் கலைஞர் ஜுன் மாயேகவாவின் பெயரால் வழங்கும் தேற்றம் இது. எட்டுக் கோடுகளையும் ஒரே பக்கமாகப் போட்டவரின் தாள் முரண்டுபிடிப்பதற்கு இதுவே காரணம். குறைந்தது இரண்டு கோடுகள் தங்கள் பழக்கத்துக்கு எதிராக மடிய வேண்டியிருக்கிறது.

ஆனால் முறையாகத் திருப்பி மடித்தவருக்கும் இங்கே ஒரு பொறி காத்திருக்கிறது. அவர் போட்ட அதே எட்டுக் கோடுகள் சதுரத்துக்கும் பொருந்தும், முக்கோணத்துக்கும் பொருந்தும். முக்கோணத்தில் நான்கு அரை மூலைவிட்டங்கள் ஒரு பக்கமும் ஒரு நடுக்கோட்டின் இரண்டு பாதிகள் மறுபக்கமும் மடிகின்றன. அங்கேயும் நான்கும் இரண்டும்தான். எது வரும் என்பதை முடிவுசெய்வது தாளின் நடுப்புள்ளி எந்தப் பக்கம் துருத்திக்கொண்டிருக்கிறது என்பது மட்டுமே. பிஸ்கட் டப்பா மூடியின் நடுவை அழுத்தினால் டக்கென்று மறுபக்கம் போகுமே, அதேபோல இந்தத் தாளின் நடுவும் இரண்டு நிலைகளில் மட்டும் நிற்கும். ஆக 2:30இல் பன்னிரண்டு நொடி நிறுத்தம், திரையில் இரண்டு தாள்கள்: ஒன்று நிறம் வெளியே தெரியும் சதுரம், இன்னொன்று வெள்ளை வெளியே தெரியும் முக்கோணம். “முக்கோணம் வந்திருந்தால் தாளை விரித்து, நடுவை மறுபக்கம் அழுத்துங்கள். புதிதாக எதையும் மடிக்க வேண்டாம்.” குரலில் இவ்வளவு போதும். தேற்றத்தைப் பாடத்தில் சொல்ல வேண்டியதில்லை.

2:55 முதல் 3:10 வரை மடிப்பே இல்லை. சதுர அடிவடிவத்தின் ஒரு மூலை தாளின் நடுப்புள்ளி; அது மூடியிருக்கும். அதற்கு எதிர்மூலையில் தாளின் நான்கு மூலைகளும் வந்து கூடியிருக்கும், அது திறந்திருக்கும். விரலால் அந்த நான்கு இதழ்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டி, திறந்த மூலை பார்ப்பவரை நோக்கி வரும்படி வைக்க வேண்டும். பார்ப்பவரும் தம் தாளில் நான்கை எண்ணிப் பார்க்கட்டும். தலைகீழாகப் பிடித்திருந்தால் அடுத்த மடிப்புகள் எல்லாம் தடையில்லாமல் நடக்கும். 4:30இல் இதழைத் தூக்கப் போகும்போதுதான் தூக்க ஏதும் இல்லை என்று தெரியும். நான் மேலே சொன்ன நான்காம் படித் தவறு இது. பதினைந்து நொடியில் அடைத்துவிடலாம்.

3:10 முதல் 4:20 வரை பட்டம் போன்ற மடிப்பு. திறந்த மூலையிலிருந்து புறப்படும் இரண்டு விளிம்புகளையும் மேலடுக்கில் மட்டும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடிக்க வேண்டும். பிறகு திருப்பிப்போட்டு அங்கேயும் அப்படியே. கடைசியாக, மேலே எஞ்சி நிற்கும் சிறு முக்கோணத்தைக் கீழே மடித்து அழுத்தி, எல்லாவற்றையும் விரித்துவிட வேண்டும். இந்த மடிப்புகள் அடுத்த படிக்கான கோடுகளைப் போட்டுவைக்கும் வேலை மட்டுமே.

இந்த இடத்தில் ஒரு சின்ன வடிவியல். மடித்த தாள், மடிப்புக்கோட்டில் வைத்த கண்ணாடியில் தெரியும் பிம்பத்தின் இடத்தில் போய் உட்காருகிறது. ஆகவே மடிப்புக்கோடு ஒரு டிகிரி பிசகினால் மடிந்துவந்த விளிம்பு இரண்டு டிகிரி பிசகும். நம் 15 செ.மீ. தாளில் அந்த விளிம்பின் நீளம் ஏழரை சென்டிமீட்டர். இரண்டு டிகிரிப் பிசகு அதன் கோடியில் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் வந்து நிற்கும். கோடு சரியாக விழுகிறதா என்று பார்ப்பதைவிட விளிம்பு சரியாக வந்து சேருகிறதா என்று பார்ப்பது நல்லது என்பதற்கு இதுவே காரணம். பிழை அங்கே இரட்டிப்பாகத் தெரிகிறது.

அந்தப் பிழை எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். விளிம்பு நடுக்கோட்டை எட்டாமல் ஒரு மயிரிழை முன்னால் நின்றுவிட்டால் கெடுதல் ஒன்றுமில்லை. கோட்டைத் தாண்டிப் போய்விட்டால் இதழ் மடிப்பில் இரண்டு விளிம்புகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முட்டிக்கொள்ளும், நுனி கூராக மூடாது. குறைவை மன்னிக்கும் தாள் மிகையை மன்னிப்பதில்லை. 4:05இல் பத்து நொடி நிறுத்தம். நடுக்கோட்டின் மேல் கேமராவை நெருக்கிக் கொண்டுபோய், அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்ட தாளையும் ஏறிப்போன தாளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்ட வேண்டும்.

இனி அந்த நூறு நொடி.

இதுவரை எல்லாம் மேசைமேல் தட்டையாக நடந்தது. நேர்மேலே இருந்த கேமராவுக்கு ஒரு மறைவும் இல்லை. இதழ் மடிப்பு மேசையைவிட்டு எழுந்து நடக்கிறது. மேலேயிருந்து பார்க்கும் கேமரா உயரத்தைக் காட்டாது. அடுக்கு தூக்கப்படுவதற்குப் பதில் சுருங்குவதுபோலத்தான் அதற்குத் தெரியும். புதிதாகக் கற்பவர்கள் இங்கே சிக்குவதற்குக் கேமராவின் இந்தக் குருட்டுத்தனம் பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி தாளுடையது. சற்று முன் நிறம் உள்ளே போகும்படி மடித்த அந்தப் பக்கக் கோடுகள், தூக்கப்படும் அடுக்கில் இப்போது வெள்ளை உள்ளே போகும்படி எதிர்த்திசையில் மடிய வேண்டும். இப்போதுதான் ஒரு பக்கமாகப் பழக்கிய கோட்டை உடனே மறுபக்கம் பழக்குகிறோம். கோடு ஆழமாக விழுந்திருந்தால் தாள் தானாகத் திரும்பும். மேலோட்டமாக அழுத்தியிருந்தால் கோட்டுக்குப் பக்கத்தில் வளைந்து, புதிய சுருக்கம் ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். ஸ்கிரிப்டின் இந்தப் பகுதியை அப்படியே தருகிறேன்.

4:20 – கேமரா மாறுகிறது. பார்ப்பவரின் பக்கமிருந்து, 45 டிகிரி சாய்வில். திறந்த மூலை நம்மை நோக்கி.

4:25 – இடக்கை ஆள்காட்டி விரல், மேல் முக்கோணத்துக்காகப் போட்ட குறுக்குக் கோட்டின் மேல். குரல்: “இந்த விரல் கடைசிவரை இங்கேயே இருக்கட்டும்.”

4:32 – வலக்கை மேலேயுள்ள ஒரே ஒரு இதழின் நுனியைப் பிடிக்கிறது. குரல்: “மேசைமேல் மூன்று இதழ்கள் மிச்சம் இருக்கின்றனவா, எண்ணுங்கள்.”

4:42 – நுனி மெதுவாக எழும்பி நேராக நிற்கும் நிலை. கை அசையாமல் எட்டு நொடி. பக்கங்கள் உள்நோக்கிச் சாயத் தொடங்கியிருப்பது தெரிய வேண்டும்.

4:52 – நுனி பின்னோக்கிப் போகிறது, மூடிய மூலையையும் தாண்டி. பக்க விளிம்புகள் நடுவை நோக்கி வருகின்றன. இன்னும் அழுத்தவில்லை.

5:08 – அழுத்துதல். முதலில் குறுக்குக் கோட்டுக்குப் பக்கத்தில், பிறகு நுனியை நோக்கி.

5:25 – கேமரா மீண்டும் நேர்மேலே. முடிந்த வடிவம் அசையாமல்.

5:30 முதல் 6:00 – தவறு நிறுத்தம்.

அந்த முப்பது நொடியில் மூன்று தாள்கள் வரிசையாக வரட்டும். முதலாவதில் குறுக்குக் கோடு கோணலாக இருக்கிறது. விரலை எடுத்துவிட்டதால் தாள் தன் விருப்பப்படி ஒரு கோட்டில் மடிந்திருக்கிறது. இரண்டாவதில் நுனி மழுங்கி, விளிம்புகள் ஏறிக்கிடக்கின்றன. அந்தத் தவறு 4:05இலேயே நடந்துவிட்டது. மூன்றாவதில் இரண்டு இதழ்கள் சேர்ந்து மேலே போயிருக்கின்றன. சரியானதை எப்படித் தெரிந்துகொள்வது? அளவு கேட்டால் சொல்லலாம். குறுக்குக் கோடு கீழ் நுனியிலிருந்து ஏழரை சென்டிமீட்டரில் இருக்கிறது. தூக்கிய இதழ் அதிலிருந்து இன்னொரு ஏழரை மேலே போகிறது. ஆக நுனியிலிருந்து நுனிவரை பதினைந்து. மடிக்காத தாளின் பக்க நீளமும் அதேதான். எந்த அளவுத் தாளுக்கும் இது பொருந்தும். 5:50இல் புதுத் தாள் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஸ்கேல் இல்லாமலே பார்ப்பவர் தம்முடையதைச் சோதித்துக்கொள்ளலாம். நீளம் குறைந்திருந்தால் குறுக்குக் கோடு இடம்மாறியிருக்கிறது.

6:00 முதல் 6:40 வரை மறுபக்க இதழ். முதல் இதழுக்கு நூறு நொடி, இதற்கு நாற்பது. கை கற்றுக்கொண்டுவிட்டது, இங்கே குரலும் பேசாமல் இருக்கலாம்.

6:40 முதல் 7:30 வரை ஒடுக்குதல். இப்போது கையில் இருப்பது நீண்ட சாய்சதுரம். ஒரு பாதி நடுவில் பிளந்திருக்கும். கழுத்தும் வாலும் ஆகப்போகும் கால்கள் அவை. மறுபாதி சிறகுகள். ஒடுக்க வேண்டியது பிளந்த பாதியை. சிறகுப் பாதியை ஒடுக்கிவிட்டுக் கழுத்தைத் தேடுபவர்கள் நிறைய. அதனால் ஆரம்பத்திலேயே இரண்டு கால்களையும் விரலால் விலக்கிக் காட்டி ஐந்து நொடி. பிறகு கால்களின் வெளி விளிம்புகளை நடுவுக்குக் கொண்டுவந்து மடிக்க வேண்டும், இரு பக்கமும்.

இங்கே தாளின் தடிமன் முதல் முறையாகக் கணக்குக்குள் நுழைகிறது. தாளின் மூலை 90 டிகிரி. சதுர அடிவடிவத்தில் அது மடிந்து 45 ஆனது, இரண்டு அடுக்கு. இதழ் மடிப்புக்குப் பின் ஒவ்வொரு காலும் 22.5 டிகிரி, நான்கு அடுக்கு. ஒடுக்கிய பின் 11.25 டிகிரி, எட்டு அடுக்கு. சாதாரண ஜெராக்ஸ் தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன். எட்டு அடுக்கு என்றால் 0.8. கட்டை வளைப்பதற்கு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும், ஏனென்றால் வெளி அடுக்கு சுற்றிவர வேண்டிய தூரம் உள் அடுக்கைவிட அதிகம். தாள் நீளாது. வழுக்க இடமில்லாவிட்டால் உள் அடுக்கு சுருங்கும், வெளி அடுக்கு வெடிக்கும். நடுக்கோட்டில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்வது இதற்காகவும்தான். 4:05இல் விளிம்புகள் முட்டாமலிருக்க விட்டோம். இங்கே அடுத்த மடிப்புக்கு இடமாக விடுகிறோம். ஒரிகாமிக்கென்று விற்கும் தாள் மெல்லியது, பொறுத்துக்கொள்ளும். ஜெராக்ஸ் தாளில் இடைவெளி இல்லாமல் மடித்தால் கழுத்து கோணிக்கொண்டு நிற்கும். அந்தத் தாளில்தான் செய்ய வேண்டும் என்றால் ஏ4 தாளிலிருந்து 21 செ.மீ. சதுரம் வெட்டிக்கொள்வது உத்தமம். அளவு பெரிதானால் அதே தடிமன் பெரிதாக உறுத்தாது.

7:30 முதல் 8:35 வரை கழுத்தும் வாலும். காலை வெளியே மடிக்கக் கூடாது. அதன் இரண்டு பக்கச் சுவர்களுக்கு நடுவே உள்பக்கமாகத் திருப்பிச் செருக வேண்டும். மறுபடியும் 45 டிகிரிக் கேமரா, மறுபடியும் அதே காரணம்: மேலேயிருந்து பார்த்தால் வெளியே மடித்ததும் உள்ளே செருகியதும் ஒன்றுபோலவே தெரியும். 7:30இல் காலை ஒருமுறை மேல்நோக்கி மடித்துக் கோடு போட்டு, விரித்துவிட வேண்டும். 7:42இல் பக்கச் சுவர்களை விரலால் விலக்கி, 7:50இல் காலை நடுவே உயர்த்தி, 8:05இல் அழுத்த வேண்டும். அவசரப்பட்டுக் கோடு போடாமலே செருகினால் கால் உடலுக்குள் போதாமல் நிற்கும். கழுத்து மார்பிலிருந்து முளைக்காமல் தனியே ஒட்டவைத்ததுபோல இருக்கும். 8:20இல் பத்து நொடி நிறுத்தம். சோதனை எளிது: கொக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் கழுத்தின் அடிப்பகுதி இரண்டு சுவர்களுக்கும் நடுவே மறைந்திருக்க வேண்டும்.

கழுத்தின் முழங்கையில் வெள்ளையாக ஒரு கீற்று தெரிந்தால் அது வெடிப்பு. நிறம் தாளின் மேற்பரப்பில் பூச்சாக மட்டும் இருக்கும் தாள்களில், இழுபட்ட வெளி அடுக்கின் பூச்சு உடைந்து உள்ளேயுள்ள நார் தெரிகிறது. உள்ளேவரை நிறம் ஏறிய தாளில் இது தெரியாது. ஒரே இடத்தை இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் மடித்தவர்களுக்கு இது கட்டாயம் வரும். நகத்தால் மேலும் தேய்த்தால் கிழியும்.

8:35 முதல் 9:10 வரை தலையும் சிறகும். தலைக்குக் கழுத்து நுனியை அதே உள்மடிப்பில் கீழே திருப்பினால் போதும். சின்ன அளவில் எட்டு அடுக்கு இருப்பதால் ஒரு குச்சியின் முனையோ ரீஃபில் முனையோ உதவும். சிறகுகளைக் கீழே இறக்கும்போது பலர் நுனியைப் பிடித்து இழுக்கிறார்கள், சிறகு சுருளும். வேர்ப்பகுதியில் பிடித்து இரண்டையும் ஒரே நேரத்தில் மெல்ல வெளியே இழுத்தால் நடுவிலுள்ள முக்கோணக் கூம்பு தட்டையாகி, முதுகு விரிந்து உடல் உப்பும். அந்தக் கூம்பின் உச்சி வேறொன்றுமில்லை, 2:30இல் அழுத்திய தாளின் நடுப்புள்ளிதான்.

வேகத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: இந்த ஸ்கிரிப்டைக் குறைக்க வேண்டியிருந்தால் முதல் இரண்டு மூலைவிட்டங்களில் ஒன்றை வெட்டலாம், மறுபக்க இதழை வேகமாக ஓட்டலாம், வாலை விட்டுவிட்டுக் கழுத்தை மட்டும் காட்டலாம். எட்டு நிமிடத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். 1:10இல் தாளைத் திருப்பும் எட்டு நொடியையும், 2:55இல் திறந்த மூலையைக் காட்டும் பதினைந்து நொடியையும் தொடக் கூடாது. திரையில் ஏதும் நடக்காததுபோலத் தெரிவதால் எடிட் செய்பவரின் கை முதலில் போவது அவற்றின்மேல்தான். ஸ்கிரிப்டில் அந்த இரண்டு வரிகளுக்கும் சிவப்பு மையில் அடிக்கோடிட்டுக் கொடுப்பது நல்லது.